ரயிலும் தந்தியும் நம் பக்கத்தில் எதை மாற்றின?

கேள்வி: காலனி ஆட்சியில் ரயிலும் தந்தியும் சமூகத்தை எப்படி மாற்றின? நன்மை, தீமை என்று இரண்டு பட்டியல் போட்டு எழுதினால் போதுமா? – முதுகலை வரலாறு மாணவி, திருமங்கலம்

பதில்: பட்டியல் போட்டால் மதிப்பெண் வரலாம், விஷயம் பிடிபடாது. ரயிலுக்கு ஒரு பத்தி, தந்திக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுவதுதான் பெரும்பாலான விடைத்தாள்களில் உள்ள கோளாறு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரக்கு போவதற்கு முன்பே அதன் விலை ஊருக்கு வந்து சேர்ந்தது. சமூகத்தைப் புரட்டிப் போட்டது அதுதான்.

முதலில் ஆண்டுகள். தந்தி 1855-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876 ஜனவரி 1 அன்றும் பாதை திறந்தது. தொடக்ககால ரயில் கம்பெனிகள் முதலீட்டை லண்டனில் திரட்டின. லாபம் வராவிட்டாலும் 5 சதவீத வட்டி உண்டு என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடுகட்டியது. ‘வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்தான்’ என்று எழுதும் முன் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இரண்டும் எப்படி இணைந்து வேலை செய்தன என்பதற்கு ஸ்டேஷனே சாட்சி. பாதை ஒற்றை வழி. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் மோதல்தான். எனவே மதுரை ஸ்டேஷன் மாஸ்டர் தெற்கே அடுத்த ஸ்டேஷனைத் தந்தியில் கேட்பார். அங்கே பாதை காலியாக இருந்தால் ‘லைன் கிளியர்’ வரும். அதைப் பதிவேட்டில் ஏற்றி, சீட்டு எழுதி டிரைவர் கையில் கொடுத்த பிறகே வண்டி நகரலாம். பின்னாளில் சீட்டுக்குப் பதிலாகக் கருவியிலிருந்து எடுக்கும் டோக்கன் வந்தது. கம்பி அறுந்தால் வண்டிகள் தேங்கும். செய்தியைத் தவறாகப் படித்தால் உயிர் போகும். ஒரு ஸ்டேஷன் கடிகாரம் இன்னொன்றோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இதிலிருந்துதான் வந்தது. சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைத் தந்தி ஊர் ஊராக அனுப்பியது. அதுவே ரயில் நேரமானது. நாழிகைக் கணக்கில் வாழ்ந்த ஊர்கள் நிமிடக் கணக்குக்குப் பழகின. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே நகர்ந்தன.

இனி உங்கள் விடையின் மையமாக இருக்க வேண்டியதற்கு வருவோம். அது தாது வருடப் பஞ்சம், 1876–78. தூத்துக்குடிப் பாதை திறந்த அதே ஆண்டில் மழை பொய்த்தது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்றுதான் அதிகாரிகள் நம்பினார்கள். நடந்தது வேறு. அதுவரை குதிரிலும் பத்தாயத்திலும் இருந்த தானியம் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துச் சந்தையில்தான் விற்றாக வேண்டும். தந்தி வந்த பிறகு வியாபாரி வெளியூர் விலையை உடனே தெரிந்துகொண்டார். ரயில் வந்த பிறகு சரக்கை அங்கேயே ஏற்றி அனுப்ப முடிந்தது. ஓரளவு விளைந்த ஊரிலும் விலை ஏறியது. தானியம் பசி இருந்த இடத்துக்குப் போகவில்லை, காசு இருந்த இடத்துக்குப் போனது. நிலமில்லாத கூலிக்காரருக்கு வேலையும் இல்லை, காசும் இல்லை.

இன்னொரு சிக்கலை யாரும் எழுதுவதில்லை. ரயில் கொண்டுவந்த அரிசி ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து கிராமத்துக்கு மாட்டு வண்டிதான். தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. பாதையிலிருந்து தள்ளியிருந்த ஊர்கள்தான் கூடுதலாக அடிவாங்கின. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, பஞ்சத்தைக் கவனிக்க வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு அரிசியும் அற்பக் காசும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பீடு. இதற்குப் பிறகு அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் பரிந்துரைத்ததும் இன்னும் அதிகமான ரயில் பாதைகளைத்தான். தண்டவாளம் மட்டும் சோறு போடாது, வாங்கும் சக்தியும் வேண்டும் என்பதை உங்கள் விடை அழுத்திச் சொல்லட்டும்.

பருத்தியின் கதை வேறு மாதிரி. கரிசல் காட்டுப் பருத்தி, இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டிச் சந்தையிலிருந்து ரயிலேறித் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போனது. ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் ரயில் நிலையத்தை ஒட்டியே எழுந்து 1892-இல் ஓடத் தொடங்கியது. இடத்தேர்வு தற்செயல் அல்ல. பஞ்சு உள்ளே வரவும் நூல் வெளியே போகவும் தண்டவாளம் வேண்டும். விவசாயக் கூலிகள் சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடும் மில் தொழிலாளிகளானார்கள். விருதுபட்டி, திருமங்கலம் நாடார் வணிகர்கள் பாதையோரச் சந்தைகளில் வளர்ந்தார்கள். நீண்டதூர வண்டிப்பாரம் ஓட்டியவர்கள் தொழில் இழந்து, ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் இடையே குட்டை ஓட்டத்துக்கு மாறினார்கள். பெரியாறு அணைக்கான சாமான்கள்கூட அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில்தான் மலையேறின.

ஆட்களும் ரயிலேறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றன. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ இருந்தால்தான் வேறு தோட்டத்துக்கு மாற முடியும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை வண்டி ஓடியது. பயணம் லேசானது, கடன் லேசாகவில்லை. ராமேசுவர யாத்திரைக்கும் அதே பாதைதான். மதுரையில் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கருக்காக முன்பே கட்டப்பட்டது. அது ரயில் பயணிகளின் சத்திரமாகவும் ஆனது. கூட்டத்தோடு காலராவும் வேகமாகப் பயணித்தது என்பதையும் சேருங்கள்.

சாதியை ரயில் ஒழித்தது என்று எழுதாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் டிக்கெட் வாங்கியவர் எல்லாரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள், உண்மை. ஆனால் ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. நீதிக்கட்சியும் பெரியாரும் எதிர்த்துப் போராடி, 1941-இல்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது.

தந்தி சாமானியர் வீட்டுக்கு அபூர்வமாகத்தான் வந்தது, வந்தால் சாவுச் செய்தி என்றே பயந்தார்கள். அரசுக்கு அது தினசரிக் கருவி. 1857 எழுச்சியின்போது படைகளைத் திருப்பிவிடத் தந்தி உதவியது. 1870-இல் கடலடிக் கம்பி பம்பாயை லண்டனோடு இணைத்ததும், கப்பல் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த உத்தரவுகள் சில மணி நேரத்தில் வந்தன. உள்ளூர் அதிகாரியின் சுதந்திரம் சுருங்கியது.

ஆனால் அதே கருவிகளை மக்களும் எடுத்துக்கொண்டார்கள். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ஜங்ஷனில், ரயில் பெட்டிக்குள். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் ரயிலில் காந்தி கண்ட மக்கள், கதர் வாங்க வசதியில்லை என்றார்கள். மறுநாள் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சிங்காரவேலர் சிறை சென்றார். 1942 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் பல இடங்களில் தந்திக் கம்பியை அறுத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஆட்சி எந்த இரண்டின் மேல் நிற்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.