நினைவூட்டல்: காலபோக ஆயத்தக் கூட்டம் – 20.09.2025 சனிக்கிழமை, காலை 10.00 மணி

பெறுநர்: கமக்காரர் அமைப்பின் நிர்வாகசபை உறுப்பினர்கள், வலதுகரை மற்றும் இடதுகரை வாய்க்கால் பொறுப்பாளர்கள்
பிரதி: கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், கிராம அலுவலர்
அனுப்புநர்: செயலாளர்
திகதி: 15.09.2025

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

இம்மாத முதல் வாரத்தில் அறிவித்தபடி, எமது குளத்தின் கீழான 2025/2026 காலபோகச் செய்கைக்குரிய ஆயத்தக் கூட்டம் எதிர்வரும் சனிக்கிழமை எமது கிராமப் பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெறும் என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றேன். அன்று புரட்டாதிச் சனி ஆகையால், கோயிலுக்குச் சென்று எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வருவோருக்கு வசதியாக வழமையான 9.00 மணிக்குப் பதிலாக 10.00 மணிக்குத் தொடங்குகின்றோம். விரதகாரர் வீடு திரும்ப வேண்டியிருப்பதால் நண்பகல் 12.30 மணிக்கு மேல் கூட்டத்தை நீட்டுவதில்லை.

கமக்காரர் அனைவரும் கலந்துகொள்ளும் போகக் கூட்டம் 26.09.2025 வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ளது. அங்கே 58 கமக்காரர்கள் கையுயர்த்தித் தீர்மானிக்கப்போகும் விடயங்களுக்கு வேண்டிய கணக்குகளை ஆயத்தப்படுத்துவதே சனிக்கிழமைக் கூட்டத்தின் நோக்கமாகும். முத்தையன்கட்டுக் குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் நீர்க்கணக்கைத் தயாரித்துக் கொண்டுவருவார்கள். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் எமது குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும் சிறுகுளம் ஆகையால், முதற்கணக்கை நாங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரலுக்குச் செல்லுமுன் கடந்த போகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டியுள்ளது. கடந்த ஆண்டு ஆயத்தக் கூட்டமின்றி நேரடியாகப் போகக் கூட்டத்துக்குச் சென்றோம். விதைப்பு முடிவுத் திகதியாகக் கூட்டறிக்கையில் எழுதப்பட்டது "ஐப்பசி நடுப்பகுதி" என்ற இரு சொற்கள் மட்டுமே. அதை ஒவ்வொருவரும் தத்தமது வசதிப்படி விளங்கிக்கொண்டோம். ஒக்டோபர் 5ஆம் திகதி புழுதியில் விதைத்தவர்களும் இருந்தார்கள், நவம்பர் 14ஆம் திகதி சேற்றில் விதைத்தவர்களும் இருந்தார்கள். நாற்பது நாள் வித்தியாசத்தில் நின்ற பயிர்களுக்கு ஒரே துருசிலிருந்து தண்ணீர் கொடுத்தோம். தை மாதத்துடன் மழை நின்றபின், பிந்தி விதைத்த மேற்பகுதி வயல்களுக்கே எஞ்சிய தண்ணீர் போய்ச் சேர்ந்தது. இடதுகரை வாய்க்காலின் முடிவில் உள்ள 11 குடும்பங்களின் காணிகள் பால்பிடிக்கும் பருவத்தில் வெடித்துக் கிடந்தன. எனது இரண்டு ஏக்கரும் அவற்றுள் அடங்கும். கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்து ஊதியபோது பாதிக்கு மேல் பதராகப் பறந்ததை நான் மறக்கவில்லை. இதற்காக எவரையும் குறை கூற நான் வரவில்லை. அந்தக் கூட்டறிக்கையை எழுதியவனே நான்தான். இம்முறை எடுக்கும் ஒவ்வொரு தீர்மானமும் ஒரு திகதியாகவோ, ஓர் ஏக்கர் அளவாகவோ, பொறுப்பேற்பவரின் பெயராகவோ எழுதப்பட வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

நிகழ்ச்சி நிரல்

1. கடந்த ஆயத்தக் குறைபாடுகளும் கூட்டறிக்கை வாசிப்பும் (10 நிமிடம்). அனைவரும் முன்கூட்டியே வாசித்து வருவதாகக் கொண்டு, திருத்தங்களை மட்டும் எடுப்போம்.

2. குளத்தின் நீர்மட்டமும் செய்கைப் பரப்பும் (45 நிமிடம்). கூட்டத்தின் முதன்மையான விடயம் இதுவே. நேற்றுக் காலை 6.15 மணிக்குத் துருசடி அளவுகோலைப் பார்த்தேன். நீர்மட்டம் 3 அடி 8 அங்குலம். கோலில் பாசி படர்ந்து இலக்கங்கள் மறைந்திருந்ததால் தென்னஞ்சிரட்டையால் சுரண்டிய பின்னரே வாசிக்க முடிந்தது. துருசின் அடிமட்டம் 2 அடி 6 அங்குலத்தில் இருப்பதால், அதற்குக் கீழுள்ள நீர் கால்நடைக்கும் குளிப்புக்கும் உதவுமேயன்றி வாய்க்காலுக்கு வராது. ஆகவே இன்று எம்மிடம் பாய்ச்சக்கூடிய நீர் 1 அடி 2 அங்குலம் மட்டுமே. குளம் வான் பாயும் மட்டம் 10 அடி. வலதுகரையில் 74 ஏக்கரும் இடதுகரையில் 52 ஏக்கருமாக மொத்தம் 126 ஏக்கரையும் இம்முறை விதைக்கலாமா, அல்லது மழை பிந்தினால் எந்தப் பகுதியை விட்டுவிடுவது என்பதைப் பேச வேண்டும். வடகீழ்ப் பருவமழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்வது எமது வழமை; அதை மாற்றும்படி எவரும் கேட்கவில்லை. எனினும் எத்தனையாம் திகதிக்குள் குளம் எத்தனை அடியை எட்டாவிட்டால் சேற்று விதைப்புக்குத் துருசு திறக்கப்படமாட்டாது என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொண்டால், கார்த்திகையில் துருசடியில் நின்று வாய்த்தர்க்கப்பட வேண்டி வராது.

3. விதைப்புக் காலமும் நெல்லினமும் (30 நிமிடம்). ஒரு வாய்க்காலில் முதல் விதைப்புக்கும் கடைசி விதைப்புக்கும் இடையில் 14 நாட்களுக்கு மேற்படக்கூடாது என்ற முன்மொழிவை நிர்வாகசபையின் சார்பில் வைக்கின்றோம். தண்ணீரை ஒரே நாளில் நிறுத்துவதற்கு மட்டுமன்றி, கபிலநிறத் தத்தி ஒரு வயல் முற்றியதும் பக்கத்து இளம்பயிருக்குத் தாவுவதைக் குறைப்பதற்கும் இது அவசியமாகும். இனத்தைப் பொறுத்தவரை, மூன்று மாத இனமான பிஜி 300ஐ ஒக்டோபர் முற்பகுதியில் விதைத்தால் மழை ஓயாத ஜனவரி முற்பகுதியிலேயே அது அறுவடைக்கு வந்துவிடும். அறுவடை இயந்திரம் சேற்றில் புதைந்து உழவு இயந்திரம் கட்டி இழுத்த காட்சியை எல்லோரும் கண்டிருக்கின்றோம். மூன்றரை மாத இனங்களான பிஜி 352, ஏடி 362 ஆகியவற்றுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஒரே வாய்க்காலில் இரு வேறு வயது இனங்களைக் கலக்காதிருப்பது பற்றி முடிவெடுப்போம்.

4. குளக்கட்டு, துருசு, வான், வாய்க்கால் சிரமதானம் (25 நிமிடம்).

5. கட்டாக்காலி மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அகற்றும் இறுதித் திகதி, யானை வேலிக் காவல் முறை (20 நிமிடம்). மாடு வளர்ப்போர் இருவரையும் இந்த விடயத்துக்காக அழைத்திருக்கின்றேன். அவர்களிடம் கேட்காமல் திகதி குறிப்பது நியாயமாகாது.

6. பசளை மானியப் பட்டியலும் பயிர்க் காப்புறுதியும் (15 நிமிடம்).

முன்கூட்டியே வாசிக்க வேண்டியவை

இந்த மின்னஞ்சலுடன் நான்கு கோப்புகளை இணைத்துள்ளேன். நேரம் குறைவாக உள்ளவர்கள் இரண்டாவதை மட்டுமாவது தவறாது வாசிக்கவும். முதலாவது, கடந்த போகக் கூட்டத்தின் அறிக்கை, ஆறு பக்கங்கள். இரண்டாவது, ஆவணி மாதத்தில் பொருளாளரும் நானும் குளக்கட்டு முழுவதும் நடந்து எழுதிய பரிசோதனைக் குறிப்பும் பதினான்கு படங்களும். அதில் ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும்: துருசுக் கதவின் வலது அடிமூலையில் இறப்பர் பட்டி கிழிந்து, கதவு பூட்டியிருக்கும்போதும் பெருவிரல் தடிப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கின்றது. கதவடியில் ஆம்பல் இவ்வளவு பச்சையாக நிற்பது ஏன் என்று கேட்டவர்களுக்கு விடை அதுவே. பன்னிரண்டாவது படத்தில், வானின் மேல் எவரோ அடுக்கிய மண்மூட்டைகள் இன்னும் கிடப்பதைக் காணலாம். கூடுதலாக ஓர் அடி தண்ணீர் மறிக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள் என்றே நம்புகின்றேன். ஆனால் 2018 டிசம்பரில் ஓரிரவில் பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் எப்படி வெள்ளக்காடாயின என்பதை நாம் கண்டவர்கள். வானை மறித்தால் வெள்ளம் கட்டை உடைத்துக்கொண்டுதான் போகும். அந்த மூட்டைகள் கூட்டத்துக்கு முன்னரே அகற்றப்பட வேண்டும்.

மூன்றாவது கோப்பு காணிப் பதிவேட்டின் பிரதி; உங்கள் வாய்க்காலுக்குரிய பக்கத்தைச் சரிபார்த்தால் போதுமானது. நான்காவது, விவசாயப் போதனாசிரியர் அனுப்பிவைத்த நெல்லினப் பரிந்துரைத் துண்டுப்பிரசுரம். மின்னஞ்சல் பார்க்க வசதியில்லாதவர்களுக்காகப் பன்னிரண்டு அச்சுப்பிரதிகள் எடுத்துச் சங்கக் கடையில் வைத்துள்ளேன். அயலில் உள்ள மூத்தவர்களுக்கு அவற்றை எடுத்துச் சென்று வாசித்துக் காட்டினால் பேருதவியாக இருக்கும்.

ஒவ்வொருவரும் ஆயத்தப்படுத்தி வர வேண்டியவை

தலைவர் ஐயா அவர்கள் இரண்டாம் விடயத்தை நடத்தவுள்ளார். பரப்பைக் குறைக்க வேண்டி வந்தால் எந்த ஒழுங்கில் குறைப்பது என்பதற்கு இரண்டு மாற்றுத் திட்டங்களைக் கொண்டுவருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். கடந்த முறை தண்ணீர் கிடைக்காத 11 காணிகளும் மீண்டும் விடுபடாதவாறு ஒரு திட்டமாவது அமைய வேண்டும்.

பொருளாளர் அவர்கள் வங்கிப் புத்தகத்தின் 31.08.2025 வரையான மீதியையும், ஏக்கர் வரி நிலுவையின் மொத்தத் தொகையையும், துருசுக் கதவு திருத்தத்துக்கு இரு வெவ்வேறு இடங்களில் பெற்ற விலைமதிப்புகளையும் கொண்டுவரவும். நிலுவை உள்ளோரின் பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியதில்லை.

வலதுகரை, இடதுகரை வாய்க்கால் பொறுப்பாளர்கள் இருவரிடமும்தான் கூடுதல் வேலையைக் கேட்கின்றேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் வாய்க்காலைத் துருசிலிருந்து கடைசி வயல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை இடத்தில் கரை உடைந்துள்ளது, எங்கே நாணலும் ஆற்றுவாழையும் அடைத்துள்ளன, சிரமதானத்துக்கு எத்தனை பேர் எத்தனை நாள் வேண்டும் என்பவற்றை எழுதி வாருங்கள். அத்துடன், ஒவ்வொரு கமக்காரரும் விதைக்க எண்ணியுள்ள ஏக்கர், இனம், விதைநெல் கையிருப்பு ஆகிய மூன்றையும் கேட்டறியவும். ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் பார்த்தால் முழுப் பரப்புக்கும் 252 புசல் விதைநெல் வேண்டும். எவ்வளவு குறைகின்றது என்பது சனிக்கிழமை தெரிந்தால்தான் கமநல சேவை நிலையத்திடம் உரிய நேரத்தில் கேட்கலாம்.

கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் அவர்களிடம், துருசுத் திருத்தத்துக்கு நாம் ஆனி மாதத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நிலையையும், காப்புறுதிப் பதிவுக்கான இறுதித் திகதியையும் எழுத்தில் தருமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். விவசாயப் போதனாசிரியர் அவர்கள் நெல்லினம் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதாக இணங்கியுள்ளார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அண்மைய பருவகால மழை எதிர்வுகூறலையும் உடன் கொண்டுவந்தால் இரண்டாம் விடயத்துக்கே அது பெரிதும் பயன்படும். கிராம அலுவலர் அவர்களிடம் அலைகரையில் எல்லைக்கல் போடப்பட்ட இடங்களின் வரைபடப் பிரதியை எதிர்பார்க்கின்றோம்.

நான் அளவுகோலை வெள்ளிக்கிழமை வரை தினமும் காலையில் வாசித்து அட்டவணையாகக் கொண்டுவருவேன். தீர்மானங்களை எழுதும்போது அந்த இடத்திலேயே உரத்து வாசித்து, அனைவரும் ஒப்புக்கொண்ட பின்னரே அடுத்த விடயத்துக்குச் செல்வேன்.

வர இயலாதவர்கள் வியாழக்கிழமை மாலைக்குள் எனக்கு அறிவித்து, தமது குறிப்புகளைப் பதிலாளிடம் கொடுத்தனுப்பவும். காணிப் பதிவேட்டில் பிழை இருந்தால் கூட்டம் வரை காத்திராமல் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதவும். மண்மூட்டைகளை அகற்றுவதற்காக வியாழக்கிழமை காலை 6.30 மணிக்கு மண்வெட்டியுடன் வானடிக்குச் செல்கின்றேன். இரண்டு பேர் கூட வந்தால் எட்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
கமக்காரர் அமைப்பு