சந்தையில் அரிசி, வீட்டில் பட்டினி: பஞ்சத்தை உரித்துடைமை வழியாகப் பார்த்தல்

பஞ்சம் என்றதும் அதிகாரிகள் முதலில் கேட்பது, விளைச்சல் எவ்வளவு குறைந்தது, கிடங்கில் இருப்பு எவ்வளவு என்பதைத்தான். இந்தக் கேள்விகள் தவறல்ல. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், யார் சாகப்போகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது. மொத்த உணவை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது சராசரி. பட்டினியோ குடும்பம் குடும்பமாக வருகிறது. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: சிலரிடம் உண்ணப் போதிய உணவு இல்லாமையே பட்டினி, போதிய உணவே இல்லாமை அதற்கான பல காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான்.

‘என்டைட்டில்மென்ட்’ என்பதை இக்கட்டுரை உரித்துடைமை என்று குறிக்கிறது. அறநெறிப்படி ஒருவருக்குக் கிடைத்தே ஆகவேண்டிய உரிமை என்று இதைப் புரிந்துகொண்டால் வாதமே தடம் மாறிவிடும். நடப்பிலுள்ள சட்டமும் சந்தையும் அனுமதிக்கும் வழிகளில் ஒரு குடும்பம் தன் வசமாக்கிக்கொள்ளக்கூடிய பொருள்களின் எல்லையையே இது குறிக்கிறது. அந்த வழிகள் நான்கு: சொந்தமாக விளைவிப்பது, கையிலுள்ளதை விற்று வாங்குவது, உழைப்பை விற்பது, பிறர் அல்லது அரசு தருவதைப் பெறுவது. நிலமும் மாடும் உடல் உழைப்பும் குடும்பத்தின் உடைமைகள். அந்த உடைமைகள் என்ன விகிதத்தில் உணவாக மாறுகின்றன என்பது பரிமாற்ற உரித்து. உடைமை அழிந்தாலும் பட்டினி வரும். உடைமை அப்படியே இருக்க, மாற்று விகிதம் மட்டும் சரிந்தாலும் வரும். இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத்தில் போன வீட்டைப் படம் பிடிக்கலாம், கூலியின் அரிசி மதிப்பு சரிவதைப் பிடிக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட நிலமற்ற கூலிக் குடும்பம். மாதம் 24 நாள் வேலை, நாளொன்றுக்கு 75 ரூபாய் கூலி, அரிசி கிலோ 25 ரூபாய். மொத்தக் கூலி 1,800 ரூபாய், அரிசியாக 72 கிலோ. ஆளுக்கு 400 கிராம் வீதம் மாதத் தேவை 60 கிலோ. இப்போது விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. பதுக்கலும் பயமும் சேர்ந்து விலை 40 ரூபாய்க்குப் போகிறது. அறுக்கப் பயிர் குறைந்ததால் வேலை 12 நாளாகச் சுருங்குகிறது. கூலி 900 ரூபாய், அரிசி இருபத்திரண்டரை கிலோ. அதே ஊரில் விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுத்து வாரத்துக்குப் பயிரிடுபவருக்கு முன்பு ஆண்டில் 1,500 கிலோ அரிசிக்குரிய விளைச்சல், அவர் பங்கு 750. அது 675 ஆகிறது, மாதத்துக்கு 56 கிலோ. அவருக்கு வாய்க்கும் வயிற்றுக்கும் இழுபறி. கூலிக்காரருக்கு மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஒரே ஊர், ஒரே பத்து சதவீதச் சரிவு. வாரக்காரர் கூலியாளைவிட வசதியானவர் என்பதல்ல காரணம். அவருக்கு வருமானம் நெல்லாகவே வருகிறது, கூலியாளுக்குக் காசாக வருகிறது. விலையேற்றம் முழுவதும் காசின் மேல்தான் விழுகிறது.

1943இன் வங்கப் பஞ்சத்தில் இந்தக் கணக்கு நிஜமாக நடந்தது. சென் மதிப்பிட்டபடி அவ்வாண்டின் உணவு இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிகம். ஆனால் கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசியின் மொத்த விலை, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. போர்ச் செலவு நகரத்தில் பணத்தைக் கொட்டியது. போருக்கு முக்கியமென்று முன்னுரிமை பெற்ற நகரத் தொழிலாளர்களுக்கு அரசு மலிவு அரிசி உறுதிசெய்தது; அந்த அரிசியும் கிராமத்துச் சந்தையிலிருந்தே போனது. மாகாணங்களுக்கிடையேயான தானியப் போக்குவரத்துத் தடைகள் வெளி நெல் உள்ளே வரும் வழியை அடைத்தன.

இறந்தவர்கள் யார் என்பதில்தான் உரித்துடைமை ஆய்வின் பலம் தெரிகிறது. விவசாயக் கூலிகள், மீனவர்கள், நெல் குத்துவோர், கைவினைஞர்கள், நாவிதர்கள் ஆகியோரே முதலில் விழுந்தனர். ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை 1942இல் கரையோர மாவட்டங்களில் அரசு அகற்றியது. அதனால் மீனவரின் உடைமையே போயிற்று. நாவிதரின் கத்தியும் கையும் அப்படியே இருந்தன. ஆனால் ஊரே செலவைச் சுருக்கும்போது முதலில் நிறுத்துவது முடிவெட்டைத்தான். இவர் பட்டினிக்கு நெல் விளைச்சலோடு நேரடித் தொடர்பே கிடையாது. அரசு விசாரணைக் குழு இறந்தவர்களை 15 லட்சம் என்றது. சென்னின் மதிப்பீடு 30 லட்சத்தை நெருங்குகிறது.

1974இல் வங்கதேசத்தில் இன்னொரு பாடம். 1971 முதல் 1975 வரையிலான காலத்தில் தலைக்கான உணவு இருப்பு மிக அதிகமாக இருந்த ஆண்டே அது. ஜூன் தொடங்கி வந்த வெள்ளம் நடவு வேலையைப் பறித்தது. வெள்ளத்தில் கெட்ட ஆமன் நெல் அறுவடைக்கு வரவேண்டியது நவம்பர், டிசம்பரில். மக்கள் சாகத் தொடங்கியதோ அதற்கு முன்பே. வராத விளைச்சல் வந்த பசியை எப்படி விளக்கும்? வேலையிழப்பும், வரப்போகும் பற்றாக்குறையை எண்ணி ஏறிய விலையும் விளக்கும்.

எத்தியோப்பியாவின் வோல்லோ மாகாணம், 1973, சற்று வேறு வகை. அங்கே உண்மையிலேயே மழை பொய்த்து விளைச்சல் படுத்தது. ஆனாலும் தெஸ்ஸியே நகரச் சந்தையில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை. வோல்லோவிலிருந்து தானியம் வெளியேயும் போனது. வாங்க ஆள் இருந்தும் கையில் காசில்லாத இடத்தில் விலை ஏறாது. விலையை மட்டும் எச்சரிக்கை மணியாக வைத்திருப்பவர் இந்த வகைப் பஞ்சத்தைத் தவறவிடுவார்.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. வங்கத்தின் 1942-43 பயிர்க் கணக்கே நம்பத்தக்கதா என்ற சர்ச்சை தீரவில்லை. நெற்பயிரைத் தாக்கிய பூஞ்சை நோயின் பாதிப்பைச் சென் குறைத்து மதிப்பிட்டார் என்போர் உண்டு. சூடானின் தார்ஃபூரில் 1984-85 பஞ்சத்தை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால், விதையையும் ஆட்டையும் விற்றுவிடாமல் காக்க மக்கள் தாங்களே பசியைத் தாங்கியதையும், உயிர்களைப் பெரும்பாலும் நோயே பறித்ததையும் காட்டினார். போரில் தானியம் கொள்ளை போகும்போது சட்டவழி உரித்தைப் பற்றிப் பேசுவது பாதி உண்மைதான். இந்த எல்லையைச் சென்னே ஒப்புக்கொண்டிருக்கிறார். என் பார்வையில் இவை கோட்பாட்டின் கேள்வியைத் தகர்க்கவில்லை, அதை அதிகாரத்தையும் வன்முறையையும் நோக்கி நீட்டுகின்றன.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்பதற்கு மகாராஷ்டிரம் சான்று. 1972-73 வறட்சியில் அங்கே விளைச்சல் கடுமையாக வீழ்ந்தும் பெரும் பஞ்சச் சாவு நேரவில்லை. நிவாரண வேலைகளில் உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கூலி பெற்றனர். கூலி கையிலிருந்ததால் பொது விநியோகக் கடையும் சரி, வணிகரும் சரி, தானியத்தை அவர்களிடம் கொண்டுவந்தனர். ஆனால் கூலியை ரூபாயில் நிர்ணயித்துவிட்டு விலை ஏறும்போது திருத்தாமல் விட்டால், மேலே போட்ட கணக்கே மறுபடி நடக்கும். கூலி மூன்று வாரம் தாமதமானாலும் அதே கதிதான்: குடும்பம் ஆட்டை விற்கும், பக்கத்து வீட்டாரும் அதே வாரம் விற்பார்கள், ஆட்டு விலை பாதியாகும். தாமதமான பணம் கைக்கு வரும்போது, அதைக்கொண்டு மீட்க ஆடு இருக்காது.