ஊர் ஞாபகம் வரும் நேரத்துக்கு

வணக்கம். எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். இப்போது ஜெர்மனியில், கெம்னிட்ஸில் முதுகலை படிக்கிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்காக இந்த வீடியோ. எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் ஏக்கம் போகவில்லை. அது எப்போது வரும் என்று தெரிந்துகொண்டேன், அந்த நேரத்துக்குக் கைவசம் ஏதாவது வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

எனக்கு அது ராத்திரியில்தான் வரும். டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர்காலத்தில் நம் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். வேலை முடித்து 9 மணிக்கு உட்கார்ந்தால் அங்கே ஒன்றரை மணி, எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அதனால் அம்மாவோடு பேசுவதைக் காலைக்கு மாற்றிவிட்டேன். இங்கே 7 மணி என்றால் அங்கே பதினொன்றரை, குழம்பு கொதிக்கிற நேரம். போனை மேடையில் வைத்துவிட்டு அம்மா பாட்டுக்கு வேலை பார்ப்பார். நான் காபி போட்டு, பையை எடுத்துவைப்பேன். பேசியே ஆக வேண்டும் என்றில்லை. மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வருவது எல்லாம் காதில் விழும். "சாப்பிட்டியா, குளிரா இருக்கா" என்று கேட்டு முடிந்துவிடுகிற வீடியோ காலைவிட இதுதான் எனக்கு நிறைவு.

படுக்கையில் கிடந்து சில்வர் பீச் போட்டோ பார்ப்பதில்லை. பகலில் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கஷ்டம். இங்கே அன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கும், தெருவே வெறிச்சென்று இருக்கும். சனிக்கிழமையே காய் வாங்கிவைத்து, மறுநாள் மதியம் இரண்டு பேருக்குச் சமைப்பேன். இன்னொரு ஆள் வருகிறார் என்றால் எழுந்து குளிக்கவாவது தோன்றும். மாசி மகம் அதைவிடக் கஷ்டம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோவாகக் கொட்டும். இங்கே அது ஒரு சாதாரண நாள். அன்று மாலை தனியாக இருக்காதபடி முன்னாடியே யாரிடமாவது சொல்லிவைத்துவிடுங்கள். அப்படியும் அழுகை வரலாம். அழுங்கள்.

லோன் போட்டு அனுப்பியவர்களிடம் கஷ்டம் என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம் நம்மில் பல பேருக்கு உண்டு. நான் சின்னதாகச் சொல்லிவிடுவேன்: "இன்னிக்கு மனசு சரியில்லம்மா, நாளைக்குப் பேசறேன்." அம்மா கொஞ்சம் கவலைப்படுவார்தான். ஆனால் தினமும் நன்றாக இருப்பதாக நடிக்க வேண்டியதில்லை.

சரி, இது எதுவும் உதவாத நாட்களும் இருக்கும். இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் இந்தப் பழக்கங்களோடு நிற்காதீர்கள். ஜெர்மனியில் பல ஊர்களில் ஸ்டூடியரண்டன்வெர்க் என்கிற மாணவர் நல அமைப்பு மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது. மற்ற நாட்டில் இருப்பவர்கள் உங்கள் பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அறைத்தோழரை வாசல்வரை கூட்டிப் போங்கள்.