ரூபாய் நோட்டில் மட்டுமா தமிழ்?

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த மொரிஷியஸ் கட்டுரையைச் சென்னையில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பிவைத்தார். 'அங்கே தமிழ் ரூபாய் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது' என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நான்கு நாள் சுற்றிப் பார்த்து எழுதினாராம். நான் இங்கே முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள்.

அவர் எழுதியதில் சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். என் பேரனோடு நானும் அதில்தான் பேசுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் தமிழர் எல்லோருமே 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் என்பது தவறு. 1735இல் லா பூர்தொனே ஆளுநராக வந்த பிறகு, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களும் தச்சர்களும் வந்துவிட்டார்கள். போர்ட் லூயிஸ் நகரம் எழும்பியதில் அவர்கள் கையும் உண்டு.

அப்புறம் அந்த நோட்டு. 'வெறும் அலங்காரம்' என்கிறார். 1998இல் வந்த புது நோட்டில் தமிழ் வரியைக் கீழே இறக்கி, தேவநாகரி வரியை மேலே ஏற்றினார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் தமிழை மறுபடி மேலே வைத்து அச்சடிக்க வேண்டிவந்தது. அலங்காரத்துக்காகவா இத்தனை மல்லுக்கட்டு?

தைப்பூசத்தன்று காவடி எடுத்த பையனிடம் தமிழில் பெயர் கேட்டாராம். அவன் பேசாமல் விழித்தானாம். கட்டுரையோடு வந்த படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் ஐயா. பையன் நாக்கில் வேல் குத்தியிருக்கிறது! கம்பனே வந்தாலும் அந்த நேரத்தில் பதில் சொல்ல முடியாது.

எங்கள் கோயிலில் பாட வரும் சிறுமி ஒருத்தியின் நோட்டுப் புத்தகம் என் மேசையில் கிடக்கிறது. திருப்புகழை ரோமன் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் தமிழில் எழுதிப் பழகியிருக்கிறாள். 'ழ'வை மூன்று முறை அழித்திருக்கிறாள். அடுத்த முறை வந்தால் அந்த நோட்டையும் கட்டுரையாளர் பார்க்கட்டும்.

பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் குறைகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதற்குத் தனியாகவே ஒரு கடிதம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்

கேள்விகள்

1. கட்டுரையின் எந்தக் கூற்றைக் கடிதம் ஒப்புக்கொள்கிறது? அதை முதலிலேயே சொன்னதால் பின்னால் வரும் மறுப்புகளுக்கு என்ன பலன்?

2. 1834 பற்றிய கூற்றைக் கடிதம் அடியோடு மறுக்கிறதா, ஒரு பகுதியை மட்டும் திருத்துகிறதா? எந்தச் சொல்லிலிருந்து தெரிகிறது?

3. நோட்டுத் தகராறு, மக்கள் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது என்றால் எதற்குச் சான்று?

4. கட்டுரையாளரின் சான்றையே அவருக்கு எதிராகத் திருப்பும் இடம் எது? அங்கே கேலி வாதத்துக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா?

5. கடிதம் பதில் சொல்லாமல் தள்ளிவைத்த கூற்று எது? நீங்கள் கட்டுரையாளராக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு என்ன எழுதுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுங்கள்.