உங்க 26 படமும் பாத்தாச்சு

அக்கா,

உங்க துணிமணியை ஒவ்வொண்ணா போட்டு எடுத்து நீங்க அனுப்புன படங்களை நேத்து ராத்திரி ரெண்டு தடவை பாத்தேன். முதல் தடவை துணியை, அடுத்த தடவை தையலை. 'ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் எனக்கு எதுவுமே அமைய மாட்டேங்குது'ன்னு எழுதியிருந்தீங்க. அது மனசுல நின்னுட்டு. அதனால அதையே முதல்ல சொல்லிடுதேன்: உங்க உடம்புல ஒரு குத்தமும் இல்ல. பாதிக்கு மேல படத்துல தப்பு தோள்லயும் கைக்குழியிலயும்தான் இருக்கு. ரெண்டையும் டெய்லர் சரிபண்ணலாம்.

4-ம் படத்து நீல காட்டன் குர்த்தியை எடுத்துக்கிடுங்க. தோள் தையல் தோள் எலும்புல நிக்காம, ஒண்ணரை இஞ்ச் கைப்பக்கம் இறங்கிக் கிடக்கு. இடுப்புல இறுக்குதுன்னு எக்ஸ்எல் வாங்கியிருப்பீங்க. ஆனா இறுக்கினது சைஸ் இல்ல, சைடு ஓப்பன். அது இடுப்பு எலும்புக்கும் கீழ ஆரம்பிக்கு, அதனால துணி விரிய வழியில்லாம இழுக்கு. ஓப்பனை ரெண்டு இஞ்ச் மேல ஏத்திட்டா எல் சைஸே தாராளமா நிக்கும். 6, 7, 9-லயும் இதே கதைதான். இந்த நாலுக்கும் கையைப் பிரிச்சு தோளைக் குறைச்சு, பக்கத்துல கொஞ்சம் பிடிக்கச் சொல்லுங்க. தோள் சரியான இடத்துல உக்காந்தாலே ஆளு நிமிந்து தெரிவீங்க.

இனி ப்ளவுஸ். 11-ம் படத்துல போர்டுல எழுதுத மாதிரி கையைத் தூக்கி நிக்கீங்களே, அந்தப் படம் ரொம்ப உதவியா இருந்துது. கையோட சேர்ந்து ப்ளவுஸ் மொத்தமும் மேல ஏறி வருது. டெய்லர் 'கை டைட்டு, கைக்குழியை இறக்கிடுதேன்'ம்பாரு. விடாதீங்க அக்கா. கைக்குழி எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவு தூரம் ப்ளவுஸ் இழுத்துக்கிட்டு ஏறும். அக்குளை ஒட்டி மேல இருந்தாத்தான் கை தனியா அசையும். தைச்சுட்டதுக்கு அக்குள்ல சின்ன சதுரத் துண்டு வச்சுத் தைக்கலாம்; புதுசா தைக்கையில இப்போ இருக்கதை விட அரை இஞ்ச் மேல வைக்கச் சொல்லுங்க. நாள் முழுக்க நின்னு பாடம் எடுக்கவங்களுக்கு இதைவிட முக்கியமான அளவு எதுவும் இல்லைன்னு நான் நினைக்கேன்.

12-ல கொக்கிக்கு நடுவுல குறுக்குச் சுருக்கம் விழுது. அது மார்பு இறுக்கம். உள்ள மடிச்ச துணி இருக்கும், பக்கத்துக்கு அரை இஞ்ச் பிரிச்சு விட்டாப் போதும். 14-ல பின்கழுத்து அகலம் ஜாஸ்தி, அதான் தோள் வழுக்குது. ஒரு கயிறு வச்சுக் கட்டிக்கிடுங்க.

17-ம் படத்து வீரவநல்லூர் செடிபுட்டா சேலை! அதை ஏன் 'வீட்டுக்கு'ன்னு எழுதி வச்சிருக்கீங்க? இருக்கதுலயே உங்க முகத்துக்கு அதுதான் எடுப்பு. கொசுவம் கணுக்காலுக்கு மேல நிக்க மாதிரி தெரியுதது, வெறுங்காலோட கட்டிட்டுப் பிறகு செருப்பு போட்டதால. செருப்பைப் போட்டுக்கிட்டே கட்டுங்க. இன்னொண்ணு, ஓரத்துல ஃபால்ஸ் சுருங்கி சேலையை இழுக்கு. அடுத்த தடவை ஃபால்ஸ் துணியை ஒரு ராத்திரி தண்ணியில ஊறவச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டுத் தைக்கக் குடுங்க.

20, 21, 22 மூணும் பாலியஸ்டர் ஜார்ஜெட். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்பாசமுத்திரத்துல இருந்து பாளையங்கோட்டைக்கு, அதுவும் சித்திரை வெயில்ல, பஸ்ல நின்னுக்கிட்டு வரதுக்கு அது ஆகாது. வேர்வையை உறிஞ்சாது, முதுகோட ஒட்டிக்கிடும். சாயங்கால விசேஷத்துக்கு வச்சுக்கிடுங்க. 23-ம் 24-ம் தங்கச்சிக்குக் குடுத்துடலாம், அந்தக் கைக்குழியைச் சரிபண்ண துணியே இல்ல. கடுகு மஞ்சள் குர்த்தியைப் பயந்து பயந்து போட்டிருக்கீங்கன்னு படத்துலயே தெரியுது. பயப்பட வேண்டாம், நல்லா இருக்கு.

புதுசா இப்ப எதுவும் வாங்காதீங்க. காலேஜ் திறக்கதுக்கு முன்னாடி ஸ்கூல் யூனிஃபார்ம் தையல் வந்துட்டா எந்த டெய்லரும் ஆல்டரேஷனைத் தொடமாட்டாரு, அதனால இந்த வாரமே குடுத்துடுங்க. எல்லாத்தையும் ஒண்ணா வேண்டாம், நீலக் குர்த்தியை மட்டும் முதல்ல. வந்ததும் போட்டுக்கிட்டு மூணு படம்: நேரா நின்னு ஒண்ணு, கையைத் தூக்கி ஒண்ணு, நாற்காலியில உக்காந்து ஒண்ணு. ஃபோனை இடுப்பு உயரத்துல பிடிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை மேல இருந்து எடுத்ததுல கால் குட்டையா தெரியுது. அந்த மூணையும் பாத்துட்டு மிச்சத்துக்கு அளவு எழுதி அனுப்புதேன்.