குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிடுகிறதா? வாருங்கள்!

வணக்கம் தோழிகளே,

வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு யோகா வகுப்பைத் தொடங்குகிறேன். இதுவரை யோகா பக்கமே போகாதவர்களுக்கு மட்டும். 2026 ஜூலை 7 முதல் ஆகஸ்ட் 27 வரை, செவ்வாய், வியாழன் இரவு 7.30 முதல் 8.30 வரை நடக்கும். இடம் ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து ஐந்து நிமிட நடை, ஒரு கடைவீட்டின் மாடி அறை. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

நானும் ராஃபிள்ஸ் பிளேசில் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவள்தான். ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்து, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருப்பதுகூடத் தெரியாமல் மாதக் கணக்கை முடித்திருக்கிறேன். அதனால் முதல் இரண்டு வாரம் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு, அவ்வளவுதான். பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் அசைவுகள், மூச்சைக் கவனிப்பது. அப்புறம்தான் நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனம் எல்லாம். தலைகீழாக நிற்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும் சவாசனம். தூங்கிவிட்டால் எழுப்பிவிடுகிறேன், குறட்டை விட்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

எட்டு வாரத்தில் என்ன மாறும்? ஒழுங்காக வந்து, வீட்டிலும் தினம் பத்து நிமிடம் செய்தால் கழுத்து, முதுகின் இறுக்கம் ஓரளவு தளரும். சிலருக்குத் தூக்கம் சீராகும். கோபம் வரும்போது ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பேசலாமே என்று தோன்றலாம். எடை மளமளவென்று குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். அது சாப்பாடும் நடையும் சேர்ந்த கதை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை இதை நம்பி நிறுத்தவே கூடாது.

கர்ப்பமாக இருந்தாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, டிஸ்க் தொந்தரவு, கண் அழுத்தம் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டு, எனக்கும் முன்கூட்டியே தனியாகச் சொல்லுங்கள். மாதவிடாய் நாள்களில் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தால் படுத்தபடி செய்வதை மட்டும் செய்யலாம்.

வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். டி-ஷர்ட், தளர்வான பேன்ட் எதுவும் சரி. உடை மாற்ற அறை இருக்கிறது, விரிப்பும் நானே தருகிறேன். ஓவர்டைம் இழுத்துக்கொண்டால் எட்டு மணிக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும், மன்னிப்பு கேட்க வேண்டாம்.

16 வகுப்புகளுக்கும் சேர்த்து 160 வெள்ளி. முதல் வகுப்பு இலவசம். பிடித்திருந்தால் மட்டும் பேநவ்வில் கட்டுங்கள். சேர விரும்பினால், இந்தச் செய்தி வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே உங்கள் பெயரையும் எங்கே வலிக்கிறது என்பதையும் ஜூலை 3க்குள் அனுப்புங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் குரல் பதிவு போதும்.