தம்பிக்கு வேலை தேடும் வாரத் திட்டம்: பெப்ரவரி 9 முதல் 15 வரை

இதை வட்டக்கச்சி வீட்டில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வை. அப்பாவும் பார்க்கட்டும். பார்த்தால்தான் "எந்த நேரமும் போனும் கையும்" என்று ஏசமாட்டார்.

இந்த வாரம் புதிதாக நாலு விண்ணப்பத்துக்கு மேல் வேண்டாம். போன மாதம் ஒரே சுயவிபரக்கோவையை எல்லா இடத்துக்கும் அனுப்பினாய், ஓரிடத்திலும் திரும்பிக் கேட்கவில்லை. பரந்தனில் ஒரு அரிசி ஆலைக்கோ, டவுனில் ஒரு ஹாட்வெயாருக்கோ கணக்குப் பார்க்க ஆள் தேவையென்றால் அவர்கள் பேப்பரில் போட்டுக்கொண்டு இருக்கமாட்டார்கள். தெரிந்த நாலு பேரிடம் சொல்லி வைப்பார்கள். நீ வேலை தேடுவது அந்த நாலு பேருக்கும் தெரிய வேண்டும். அதனால் இந்த வாரத்து நேரத்தில் பாதி ஆட்களோடு கதைப்பதற்கும், அனுப்பியவற்றைப் பற்றி விசாரிப்பதற்கும்தான்.

வழமையான நேரம்: காலையில் மாடு, வயல் வேலை முடித்து 8.30 முதல் 11.30 வரை வேலை தேடல். இரவு 7 முதல் 8.30 வரை பயிற்சி. மத்தியானம் உன் விருப்பம்.

திங்கள் (9)

இரண்டு விண்ணப்பம். ஒன்று, கிளிநொச்சி டவுனில் உள்ள நிதி நிறுவனக் கிளையின் கணக்கு உதவியாளர் வேலை, முடிவுத் திகதி வியாழன் 12. மற்றது, முல்லைத்தீவில் தொண்டு நிறுவனம் ஒன்றின் திட்டத்துக்கு நிதி உதவியாளர், முடிவுத் திகதி வெள்ளி 13. இரண்டையும் இன்றைக்கே அனுப்பு. கடைசி நாள் கரண்ட் போகும், டேட்டா முடியும், இது நமக்குப் புதிதில்லை.

சுயவிபரக்கோவையின் முதல் அரைப் பக்கத்தை வேலைக்குத் தக்கபடி மாற்று. நிதி நிறுவனத்துக்கு, பயிற்சிக் காலத்தில் செய்த வங்கி இணக்கக் கூற்றும் காசேட்டு வேலையும் மேலே வரட்டும். தொண்டு நிறுவனத்துக்கு, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருப்பதை மேலே போடு. கள வேலைக்கு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடித் திரிய வேண்டிவரும், பஸ்ஸை நம்பி இருக்கிறவனை எடுக்க யோசிப்பார்கள். உயர்தேசிய கணக்கியல் டிப்ளோமாவை இரண்டிலும் முழுப்பெயரோடு எழுது. "பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்ப்பது" என்பதை எடுத்துவிடு.

செவ்வாய் (10)

இன்றைக்குப் புது விண்ணப்பம் இல்லை. ஜனவரியில் அனுப்பிய எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுது: இடம், வேலை, அனுப்பிய திகதி, யாருக்கு அனுப்பினாய், அடுத்து எப்போது கேட்பது. இந்த ஐந்தும் போதும், கலர் பேனையெல்லாம் வேண்டாம். ஒரு கிழமை தாண்டியும் பதில் வராதவர்களுக்குக் காலை 10 மணிக்குப் பிறகு கோல் எடு. 9 மணிக்கு எடுத்தால் அலுவலகம் அப்போதுதான் திறந்திருக்கும், எரிச்சலோடு கதைப்பார்கள்.

கதைக்க வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம். நான் வட்டக்கச்சியில் இருந்து கதைக்கிறேன். ஜனவரி கடைசியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். அது கிடைத்ததா என்று அறியத்தான் எடுத்தேன். நேர்முகத்துக்கு எப்போது அழைப்பீர்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கோ. நன்றி."

"எடுத்துவிட்டோம்" என்று சொன்னால் உடனே வைக்காதே. "சரி, பரவாயில்லை. அடுத்த முறை தேவைப்பட்டால் என்ர விண்ணப்பத்தையும் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வை. புதிதாக எடுத்த ஆள் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போவது நம்மூரில் நடக்காத கதையா? அப்போது ஞாபகம் வருவது மரியாதையாகக் கதைத்தவனைத்தான்.

புதன் (11)

அருவி வெட்டு. மெசின் வருகிற நாளில் நீ கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் வீட்டில் சண்டைதான் வரும். இரவு ஒருக்கா ஈமெயிலைப் பார், அதோடு படு. நெல் விற்கும்போது ஆலை முதலாளியோடு கதைக்கப்போவது அப்பா. நீயும் கூட நில்.

வியாழன் (12)

டவுனுக்குப் போகும் நாள். சுயவிபரக்கோவையில் ஐந்து பிரதி எடுத்துக்கொள். முதலில் பிரதேச செயலகம். அங்கே மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தரைக் கேட்டுச் சந்தித்து, பெயரைப் பதிந்துகொள். பதிந்ததால் மட்டும் வேலை வராது. ஆனால் வேலைச் சந்தை வைக்கும்போதும், கம்பெனிகள் ஆள் கேட்கும்போதும் அவர்களுக்குத் தகவல் வரும்.

பிறகு உன் சீனியர் அண்ணா வேலை செய்யும் அலுவலகம். முதல் நாளே இப்படி மெசேஜ் போடு: "அண்ணா, வியாழன் டவுனுக்கு வாறன். உங்கட மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பத்து நிமிசம் சந்திக்கலாமா? நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று அறியத்தான்." வேலை கேட்காதே, அவர் செய்யும் வேலையைப் பற்றிக் கேள். வேலை எடுத்துத் தா என்றால் ஆட்கள் ஒளிப்பார்கள், தன் அனுபவத்தைக் கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். கடைசியில் "வேறு யாரோடு கதைத்தால் நல்லது அண்ணா?" என்று கேட்டு ஒரு பெயராவது வாங்கிக்கொண்டு வா.

வரும் வழியில் பரந்தன் ஆலையில் ஒரு பிரதி கொடு. புதன்கிழமை உன்னைக் கண்டிருப்பார்கள்.

காசு கட்டினால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் எழும்பி வா. அது எந்தச் சொந்தக்காரர் என்றாலும் சரி.

வெள்ளி (13)

வர்த்தமானி வரும் நாள். documents.gov.lk தளத்தில் I ஆம் பகுதியின் வெற்றிடங்கள், பரீட்சைகள் உள்ள பிரிவைத் தமிழில் இறக்கிப் பார். வயது, கல்வித் தகைமை, முடிவுத் திகதி மூன்றையும் வாசித்த பிறகுதான் பதவிப் பெயருக்கு ஆசைப்பட வேண்டும். பொருந்தியது இருந்தால் ஒன்று நிரப்பு. அதுதான் மூன்றாவது விண்ணப்பம். தபாலில் கேட்டிருந்தால் பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கொப்பியில் ஒட்டு. அரச வேலை வரும் என்று மற்றதை விட்டுவிடாதே. அம்மா சொல்வது எனக்கும் கேட்கிறது, ஆனாலும் விடாதே.

சனி (14)

காலை முழுக்கப் பயிற்சி. எக்செல்லில் பத்துப் பேருக்குச் சம்பளப் பட்டியல் ஒன்று தயாரி. B2 இல் ஒருவரின் சம்பளம் இருந்தால், ஊழியரின் ஊழியர் சேமலாப நிதி, முதலாளியின் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி மூன்றும் இந்த வரிசையில் வரும்:

```
=B2*8%
=B2*12%
=B2*3%
```

நம்பிக்கை நிதி முழுக்க முதலாளி கட்டுவது, சம்பளத்தில் கழிப்பதில்லை. அதைக் கழித்துக் காட்டினால் நேர்முகத்தில் அங்கேயே முடிந்தது. பட்டியலை முடித்ததும் எனக்கு அனுப்பு, நான் வேண்டுமென்று ஒரு பிழையைப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். எங்கே என்று கண்டுபிடி.

மற்ற இரவுகளில் சிங்களம் அரை மணித்தியாலம், ஆங்கிலம் அரை மணித்தியாலம், மிச்சம் எக்செல். சிங்களத்தில் இலக்கணம் பிறகு பார்க்கலாம். தலைமை அலுவலகத்தில் இருந்து கோல் வந்தால் பெயர், ஊர், படித்தது, எப்போது வேலைக்கு வரலாம் என்பதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் இப்போதைக்குக் காணும்.

ஞாயிறு (15)

ஞாயிறு பேப்பர் வாங்கு, வெற்றிட விளம்பரங்களைப் பார். வவுனியாவில் ஏதும் இருந்தால் நாலாவது விண்ணப்பத்தை அதற்குப் போடு, தங்க என் வீடு இருக்கிறது. வியாழன் சந்தித்தவர்களுக்கு இரண்டு வரியில் நன்றி மெசேஜ் அனுப்பு. திங்கள் அனுப்பிய இரண்டு விண்ணப்பத்துக்கும் 17 ஆம் திகதி கோல் எடுக்க வேண்டும் என்று கொப்பியில் குறி.

பின்னேரம் சிவராத்திரி, கோயிலுக்குப் போ. போக முன்னம் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் போடு. அதைப் பார்த்துத்தான் அடுத்த கிழமைக்கு எழுதுவேன்.